லாரி ஏறிய கொய்யா யாருடையது?

பழனி மலையடிவாரத்து ஆயக்குடியில் கொய்யாவை இரண்டு விதமாக விற்கலாம். உள்ளூர்ச் சந்தையிலேயே விலை பேசி, பெட்டியை வியாபாரியிடம் ஒப்படைத்துவிடலாம். இல்லையென்றால் கோயம்பேட்டுக் கமிஷன் மண்டிக்கு லாரியில் ஏற்றி, "வந்த விலைக்கு விற்றுக் கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம். இரண்டிலும் பழம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் இரண்டாவது வழியில் விற்பனை இன்னும் நடக்கவே இல்லை.

நள்ளிரவில் அந்த லாரி கவிழ்ந்தால் இந்த வித்தியாசம் தெரியும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருளுக்கு யார் உடைமையாளரோ அவருக்கே நட்டமும் என்கிறது. சந்தையில் வாங்கிய வியாபாரியின் லாரி என்றால் நட்டம் அவருடையது. மண்டிக்குப் போகும் லாரி என்றால் அனுப்பியவருடையது. பழம் மண்டிக்குள் இறங்கிய பிறகும் இதே நிலைதான். மண்டிக்காரர் வாங்குபவர் அல்ல, அனுப்பியவருக்காக விற்றுக் கொடுப்பவர்.

மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருந்தால்? பணம் வாங்கியாயிற்று, பழமும் போயிற்று, அப்போது அது விற்பனைதானே என்று தோன்றும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவில் இதை ஒரு பருத்தி உதாரணத்தோடு விளக்குகிறது. ஒருவர் ஆயிரம் பொதி பருத்தியை முன்பணம் கொடுத்த முகவருக்கு அனுப்புகிறார். விற்று முன்பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இனி விற்கும் அதிகாரத்தை அனுப்பியவர் திரும்பப் பெற முடியாது. ஆனாலும் முகவர் விற்பது அனுப்பியவரின் பருத்தியைத்தான். விலை சரிந்து முன்பணம் தேறாவிட்டால் மீதியை அனுப்பியவர்தான் கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஆகவே ஏட்டில் அந்த முன்பணம் கடனாகத்தான் ஏறும், வருமானமாக அல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை. ஆயக்குடி வியாபாரி ஒருவர் 100 பெட்டிக் கொய்யாவைத் தோட்டங்களில் வாங்கி, ஏற்றுக்கூலி, லாரி வாடகையோடு 56,000 ரூபாய் செலவில் மார்ச் 30 அன்று அனுப்புகிறார். அன்று ஏட்டில் வருமானம் பூஜ்யம். சரக்கு அவருடைய இருப்புதான், இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. மண்டியில் இறக்குகூலி 800 ரூபாய். ஆக ஒரு பெட்டியின் அடக்கம் 568 ரூபாய்.

மார்ச் 31 அன்று 90 பெட்டிகள் தலா 800 ரூபாய்க்குப் போகின்றன. மொத்தம் 72,000. கமிஷன் பத்து சதவீதம் 7,200, இறக்குகூலி 800. இரண்டையும் கழித்துப் பட்டியலோடு கைக்கு வருவது 64,000.

பலர் தவறுவது இங்கேதான். வந்த 64,000-ஐயே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். விற்பனை 72,000. கமிஷன் தனிச் செலவு. வாங்குபவர் கொடுத்த விலை முழுவதும் பழத்தின் சொந்தக்காரருடையது; கமிஷன் அதிலிருந்து அவர் கொடுக்கும் கூலி. மண்டிக்காரரின் ஏட்டிலோ வருமானம் 7,200 மட்டுமே. 72,000 ரூபாய் அவர் கை வழியாகப் போனாலும் அது அவருடைய வியாபாரம் ஆகாது. பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 115-உம் இப்படித்தான் பிரிக்கிறது: விற்கும்வரை பொருள் யார் கட்டுப்பாட்டில் இருந்ததோ அவருக்கு முழுத்தொகை, விற்றுக் கொடுத்தவருக்குக் கமிஷன்.

விற்ற 90 பெட்டிகளின் அடக்கம் 51,120. அதையும் கமிஷனையும் கழித்தால் லாபம் 13,680. மீதி 10 பெட்டிகள்? ஆண்டு முடிவில் அவை அனுப்பியவரின் இருப்பு, அடக்கப்படி 5,680. ஆனால் கொய்யா காத்திருக்காது. கனிந்துபோய், கமிஷன் போகப் பெட்டிக்கு 270 ரூபாய்தான் தேறும் என்றால் இருப்பை 2,700 என்றே காட்ட வேண்டும். லாபம் 10,700-ஆக இறங்கும். பட்டியலில் விற்ற பெட்டிகளை மட்டும் பார்த்து, விற்காததை மறந்துவிடுபவர் இந்த 2,980 ரூபாய் நட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுகிறார்.

அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெறுவது அனுப்பியவரின் உரிமை. கேட்டால் முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு. எத்தனை பெட்டி, என்ன விலை, என்ன கழிவு என்று தனித்தனியாக இல்லாமல் ஒரே தொகையாக வந்தால், வருமானம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பிரித்து எழுதவே வழியில்லை. மண்டிக்காரர் அனுப்பியவருக்குத் தெரியாமல் பெட்டியை 700 ரூபாய்க்குத் தன் பெயரிலேயே எடுத்துக்கொண்டு, வெளியே 800-க்கு விற்றிருந்தால் 216-ஆம் பிரிவு குறுக்கே வரும். அந்த 100 ரூபாயைக் கேட்டுப் பெறும் உரிமை ஆயக்குடிக்காரருக்கு உண்டு.