சிறந்த ஊழியர் விருது: எண்ணோடு சேர்த்து எதை எழுதுவது?

ஆண்டு விழாவில் 'இந்த ஆண்டின் சிறந்த ஊழியர்' பெயரை அறிவிக்கும்போது ஒரு பாராட்டுப் பத்திரம் வாசிக்கப்படும். விற்பனை நிறுவனங்களில் பெரும்பாலும் அதில் இரண்டு சங்கதிகள்தான் இருக்கும். டார்கெட்டை எத்தனை சதவீதம் தாண்டினார் என்ற கணக்கு ஒன்று. நேர்மையானவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் ஒத்துழைப்பவர் என்ற புகழ்ச்சி இன்னொன்று. கணக்கைச் சரிபார்க்க பில் இருக்கிறது. புகழ்ச்சிக்கு எந்த ஆதாரமும் கிடையாது, அதை யார் பெயரோடு வேண்டுமானாலும் சேர்த்து வாசிக்கலாம். அதனால் கேட்பவர்கள் மனதில் எண் மட்டுமே நிற்கிறது. அடுத்த ஆண்டு பரிசு வாங்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

எண்ணை மட்டும் கொண்டாடினால் நிலைமை எங்கே போய் நிற்கும் என்பதை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் பார்த்தோம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளையாவது விற்க வேண்டும் என்பது அங்கே முழக்கமாகவே இருந்தது. இலக்கை எட்டியவருக்கு ஊக்கத்தொகை, எட்டாதவருக்கு நெருக்கடி. கடைசியில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகளும் கிரெடிட் கார்டுகளும் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் சுமார் 20 லட்சம் என்று அப்போது சொல்லப்பட்டது. இந்த விவகாரத்தில் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். இத்தனைக்கும் வங்கியின் விழுமியங்களை விளக்க அங்கே தனிக் கையேடே இருந்தது. வாடிக்கையாளரின் நலன்தான் முதலில் என்று கையேட்டில் எழுதி வைத்துவிட்டு, தினமும் எண்ணை மட்டும் கேட்டால், ஊழியர்கள் தினமும் கேட்கப்படுவதைத்தான் செய்வார்கள்.

அப்படியானால் பண்பையும் நடத்தையையும் பாராட்டுப் பத்திரத்தில் எப்படிக் கொண்டுவருவது? அடைமொழியை எடுத்துவிட்டு, நடந்ததை எழுத வேண்டும். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஷோரூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏ.சி. பிரிவில் ஒரு விற்பனையாளர். விற்பனைப் பட்டியலில் அவருக்கு மூன்றாவது இடம். அவரைப் பற்றி மேனேஜர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நேர்மையும் குழு மனப்பான்மையும் கொண்டவர். வாடிக்கையாளர் சேவையில் ஈடு இணையற்றவர்."

"என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள்" என்று அந்த மேனேஜரிடமே கேட்டால் சம்பவங்கள் வெளியே வரும். மே மாதம், நல்ல வெயில் நேரம், ஒரு குடும்பம் ஒன்றரை டன் ஏ.சி. வாங்க வந்தது. அறை பத்துக்குப் பத்து, மேலே இன்னொரு மாடி இருப்பதால் மொட்டைமாடிச் சூடு இறங்காது. அந்த அறைக்கு ஒரு டன்னே போதும் என்று சொல்லி, விலை குறைந்ததை விற்று அனுப்பினார். மாத இலக்குக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்த வாரம் அது. இன்னொரு நாள் வந்த வாடிக்கையாளர், சனிக்கிழமையே வேறொரு விற்பனையாளரிடம் ஒரு மணி நேரம் பேசி மாடலை முடிவு செய்துவிட்டுப் போனவர். அந்தச் சக ஊழியர் அன்று விடுப்பு. பில் போட்ட இவர், இன்சென்டிவ் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் ஊழியர் கோடில் தன்னுடையதைப் போடாமல் அவருடையதைப் போட்டார்.

இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் பத்திரம் தானாக அமைந்துவிடும்:

"இந்த ஆண்டு இவர் தன் இலக்கை நிறைவு செய்தார். மே மாதம், இலக்குக்குப் பாக்கி இருந்த வாரத்தில், ஒன்றரை டன் ஏ.சி. கேட்டு வந்தவர்களிடம் அறையின் அளவை விசாரித்து, ஒரு டன்னே போதும் என்று எடுத்துச் சொன்னார். விடுப்பில் இருந்த சக ஊழியர் பேசி முடித்த விற்பனையை அவர் கோடிலேயே பதிவு செய்தார். வாடிக்கையாளரின் பணத்தையும் சக ஊழியரின் உழைப்பையும் மதித்ததற்காக இந்த விருது இவருக்கு வழங்கப்படுகிறது."

இதில் நேர்மை என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அந்த இடம் தெரியும், அங்கே கை எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரியும். சூழ்நிலை, அதில் அவர் எடுத்த முடிவு, அதனால் அவருக்கு நேர்ந்த இழப்பு ஆகிய மூன்றும் இருப்பதால்தான் பத்திரம் நம்பும்படி இருக்கிறது. இழப்பு இல்லாத சம்பவத்தால் ஒருவரின் குணத்தை எடைபோட முடியாது. சிரித்த முகத்தோடு பேசுவதும் நேரத்துக்கு வருவதும் நல்லவைதான், ஆனால் அவற்றுக்காக அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விற்பனை எண்ணையும் மறைக்க வேண்டியதில்லை, அதற்கு ஒரு வரி போதும். எண்ணை அறவே விட்டுவிட்டால், விற்க முடியாதவருக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று பேச்சு கிளம்பிவிடும்.

இத்தகைய சம்பவங்கள் விருது நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் பிப்ரவரியில் நடந்ததுதான் ஞாபகம் இருக்கும். முதல் ஆறு மாதம் உழைத்தவர் விட்டுப்போவார். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-இல் வெளியிட்ட ஆய்வுமுறை இதற்குக் கை கொடுக்கிறது. ஒருவரின் வேலையை மதிப்பிட, பொதுவான அபிப்பிராயத்தைக் கேட்காமல், குறிப்பிட்ட சம்பவங்களில் அவர் என்ன செய்தார் என்பதைத் திரட்டச் சொன்னார் அவர். கடையில் இதற்கு ஒரு நோட்டு போதும். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும், "இந்த மாதம் உங்களுக்கு யாராவது உதவினார்களா, என்ன நடந்தது?" என்று கேட்டு, தேதியோடு இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். மேனேஜர் கண்ணில் படும்படி நடந்துகொள்பவர்கள் எங்கும் உண்டு. கிடங்கில் பெட்டி தூக்குபவரும், கேஷ் கவுண்டரில் இருப்பவரும், ஏ.சி. மாட்டப் போகும் மெக்கானிக்கும் சொல்வதில்தான் மேனேஜர் இல்லாதபோது நடந்தது இருக்கும். பொய் வாக்குறுதி கொடுத்து விற்றவர் யார் என்பது, வாடிக்கையாளர் வீட்டு வாசலில் திட்டு வாங்கும் மெக்கானிக்குக் கண்டிப்பாகத் தெரியும்.

எழுதும்போது கவனமாக இருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. "காய்ச்சலோடு வேலைக்கு வந்தார், தங்கை கல்யாணத்துக்குக்கூட லீவு எடுக்கவில்லை" என்று பெருமையாக எழுதுவார்கள். எழுதுபவருக்கு அது அர்ப்பணிப்பாகத் தெரிகிறது. கேட்பவர்களுக்கோ, லீவு கேட்டால் இங்கே மதிப்பில்லை என்ற செய்தி போய்ச் சேருகிறது. எதைப் பாராட்டுகிறோமோ அதையே மற்றவர்களிடமும் எதிர்பார்க்கிறோம் என்று பொருள். அதனால் ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதிவிட்டு, நாளை நம் கடையில் எல்லோரும் இதையே செய்தால் நமக்குச் சம்மதமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சம்மதமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன், விருது பெறுபவரோடு ஒரே தளத்தில் வேலை செய்யும் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுவது நல்லது. "ஆமாம், அன்னைக்கு நானும் இருந்தேன்" என்று ஒருவராவது சொல்ல வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால், நம்மிடம் வந்த கதையில் ஏதோ பிசகு இருக்கிறது. மறுபடி விசாரிக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். சரியான அளவு ஏ.சி.யை விற்றதற்காக ஒருவரை மேடையில் பாராட்டிவிட்டு, விலை கூடிய மாடலை விற்றால்தான் இன்சென்டிவ் என்ற விதியை அப்படியே வைத்திருந்தால், அந்த மேடைப் பேச்சுக்கு அர்த்தமில்லை. இரண்டு பேர் உழைத்த விற்பனையை இருவர் கோடிலும் பாதிப் பாதியாகப் பதிய பில் மென்பொருளில் வழி செய்து கொடுக்கலாம். விலை குறைந்த மாடலுக்கும் உரிய இன்சென்டிவ் வைக்கலாம். நல்லது செய்தவர் எதை இழந்தார் என்பதைப் பாராட்டுப் பத்திரம் நிர்வாகத்துக்கே சொல்லிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே நல்ல காரியத்தைச் செய்பவர் அதை இழக்காதபடி விதியை மாற்றும் பொறுப்பு, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவருடையது.