1460 ரூபாய்க்குப் போன ஐந்நூறு பங்குகள்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் நாற்கரச் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. அந்தப் பக்கம் நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி முன்பே தெரிந்திருக்கும். ஒரு விலை பேசி, மூன்று மாதம் கெடு வைத்து, அட்வான்ஸ் வாங்கியாயிற்று. நடுவில் நிலத்தின் விலை ஒன்றரை மடங்கானாலும், பேசிய விலைக்குத்தான் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டும். விலை சரிந்தாலோ, வாங்க வந்தவர் அட்வான்ஸை விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். நிலம் நம்மிடமே கிடக்கும், சரிந்த விலையோடு. பங்குச் சந்தையில் 'கவர்டு கால்' விற்பது ஏறக்குறைய இதுதான். ஒரே வித்தியாசம், நிலத்தின் அட்வான்ஸ் கிரயத் தொகையில் கழியும். இங்கே கிடைக்கும் பிரீமியம் கழியாது, தனி வரவு.

காரியாபட்டியில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் 500 பங்குகளைத் தலா 900 ரூபாய்க்கு வாங்கிப் போட்டார். இப்போது விலை 1400. அந்தப் பங்கின் ஆப்ஷன் ஒரு லாட்டுக்கு 500 என்பதால் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. மாத ஆரம்பத்தில் 1460 ஸ்டிரைக்கில் ஒரு கால் ஆப்ஷனை விற்கிறார். பங்குக்கு 18 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் கைக்கு வருகிறது. மாதக் கடைசியில் விலை 1460க்குள் முடிந்தால் பங்கும் அவருடையது, பணமும் அவருடையது. இப்படியே ஐந்து மாதம் போனது; சேர்ந்த பிரீமியம் 40,000. பென்ஷனோடு இன்னொரு பென்ஷன்.

ஆறாவது மாதம் நிறுவனத்தின் காலாண்டு முடிவு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. விலை 1560. பங்கு 1460க்குக் கைமாறியது. அவருக்கு வந்தது 7,30,000, அதோடு பிரீமியம் 9,000. கால் விற்காமல் இருந்திருந்தால் கையில் 7,80,000 மதிப்புள்ள பங்கு இருந்திருக்கும். வித்தியாசம் 41,000. ஐந்து மாதம் சேர்த்ததை ஒரே மாதம் விழுங்கிவிட்டது.

இதை நஷ்டம் என்பதா? 1400இல் இருந்த பங்கு 1478க்கு விற்றதற்குச் சமம். ஒரே மாதத்தில் ஐந்தரை சதவீத லாபம். 'விட்டுப்போன லாபம்தானே' என்று தரகர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மறுபக்கத்தைப் பாருங்கள். அதே மாதம் விலை 1250க்கு விழுந்திருந்தால் பங்குக்கு 150 ரூபாய் போயிருக்கும். அதில் 18 ரூபாயை மட்டுமே பிரீமியம் தாங்கியிருக்கும். நிகர நஷ்டம் 66,000. ஏற்றத்துக்குக் கூரை உண்டு, இறக்கத்துக்குத் தரை இல்லை.

இன்னும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. கையில் ஒரு பங்குகூட இல்லாமல், 7,30,000 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டு, அதே 1460 ஸ்டிரைக்கில் ஒரு புட் ஆப்ஷனை விற்றாலும் ஏறக்குறைய இதே லாபநஷ்டம்தான் வரும். புட் விற்பது என்றால், விலை விழுந்தால் அடுத்தவரின் நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்று பணம் வாங்கிக்கொள்வது. 'அந்த ஆபத்தெல்லாம் நமக்கு வேண்டாம்' என்று ஒதுங்குகிற ஆசிரியர்தான் கவர்டு காலை நிம்மதியாக விற்கிறார். இரண்டும் ஒரே சரக்கு. மேலே ஒட்டியிருக்கும் சீட்டுதான் வேறு.

ஆறாவது மாத ஏற்றம் யாரும் எதிர்பாராத விபத்தா? இல்லை. ஆப்ஷனுக்கு 'டெல்டா' என்று ஓர் எண் உண்டு. முடிவு நாளில் விலை ஸ்டிரைக்கைத் தாண்டியிருக்கும் வாய்ப்பை அது தோராயமாகக் காட்டும். ஆசிரியர் விற்ற காலுக்கு அது சுமார் 0.3. அதாவது ஒரு மாதம் பங்கு தப்பிக்கும் வாய்ப்பு 0.7. ஒவ்வொரு மாதமும் தனித்தனி என்று கொண்டால், ஆறு மாதமும் தொடர்ந்து தப்பிக்கும் வாய்ப்பு 0.7ஐ ஆறு முறை பெருக்கினால் வரும்: சுமார் 0.12. அரையாண்டுக்குள் ஒரு முறையாவது பங்கு கைவிட்டுப் போகும் நிலை வர நூற்றுக்கு எண்பத்தெட்டு வாய்ப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரே நடத்திய பாடம் இது.

பங்கு எந்த நாளில், எப்படிக் கைவிட்டுப் போகும் என்பதைத் தீர்மானிப்பது சந்தையின் விதி. சிகாகோவில் 1973 ஏப்ரல் 26 அன்று 16 நிறுவனப் பங்குகளின் கால் ஆப்ஷன்களோடு பட்டியலிட்ட ஆப்ஷன்களுக்கான முதல் சந்தை திறந்தது. இந்தியாவில் தனிப்பங்கு ஆப்ஷன்கள் 2001 ஜூலையில் வந்தன. அமெரிக்காவில் தனிப்பங்கு ஆப்ஷனை வாங்கியவர் எந்த நாளும் பங்கைக் கேட்கலாம். இங்கே 2011இலிருந்து முடிவு நாளில் மட்டும்தான். தேசியப் பங்குச் சந்தையில் அது இப்போது மாதத்தின் கடைசிச் செவ்வாய். முன்பு வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்துவிட்டுப் பங்கை வைத்துக்கொள்ள முடிந்தது. செபி கட்டம் கட்டமாக விதியை மாற்றியதில், 2019 அக்டோபர் முதல் எல்லாத் தனிப்பங்கு ஆப்ஷன்களுக்கும் பங்கையே ஒப்படைக்க வேண்டும். விலை ஸ்டிரைக்குக்கு மேலே முடிந்தால் யாரும் கேட்காமலே பங்கு போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டீமேட்டில் 500 பங்கு சும்மா இருக்கிறது என்பதற்காக மார்ஜினைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் மார்ஜின் வேண்டும்; பெரும்பாலானோர் அதே பங்கை அடகு வைத்து அதைச் சமாளிப்பார்கள். பங்கு ஏற ஏற, விற்ற காலின் விலையும் ஏறி, கூடுதல் மார்ஜின் கேட்டுக் குறுஞ்செய்தி வரும். தன் பங்கு ஏறுகிறதே என்று மகிழ வேண்டிய வாரத்தில் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். முடிவு நாளுக்கு முன் அடகை மீட்க வேண்டுமா என்பது தரகருக்குத் தரகர் மாறும். கேட்டு வைத்துக்கொள்ளாமல், பங்கு உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் விஷயம் ஏலத்துக்குப் போகும், அந்தச் செலவும் நம் தலையில்.

தப்பிக்க வழி உண்டா? முடிவு நாளுக்கு முன் அந்தக் காலைத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் விலை 1560இல் நிற்கும்போது அதற்குப் பங்குக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்; 50,000 ரூபாய் ரொக்கம். அடுத்த மாதத்தின் உயர்ந்த ஸ்டிரைக்கை விற்று அதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். அது பிரச்சினையைத் தீர்க்காது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும்.

ஆசிரியர் திரும்ப வாங்கவில்லை. பங்கு போன பிறகுதான் வரி ஞாபகம் வந்தது. 900க்கு வாங்கி 1460க்கு விற்றதில் மூலதன ஆதாயம் 2,80,000. விலக்கு 1,25,000 போக மீதிக்கு 12.5 சதவீதம், மேல்வரியும் சேர்த்து 20,150 ரூபாய். எந்த ஆண்டு விற்பது என்று நிதானமாக முடிவு செய்திருக்க வேண்டிய பங்கை, வேறொருவர் தேதி குறித்து விற்க வைத்துவிட்டார். வாங்கிய பிரீமியமோ தொழில் வருமானக் கணக்கில் போகும். இதுவரை எளிய படிவத்தில் பென்ஷனைக் காட்டி வந்தவர் இனி ITR-3 நிரப்ப வேண்டும்.

வரியைத் தள்ளி வைத்துவிட்டு, வந்த 7,39,000 ரூபாயையும் அப்படியே போட்டு அதே பங்கை வாங்கினால் 1560 விலையில் 473 பங்குதான் கிடைக்கும். ஒரு லாட்டுக்கு 27 குறைவு. கவர்டு கால் விற்கத் துணிகிறவர்கள் ஸ்டிரைக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தைப் பார்க்க வேண்டாம். அந்த விலைக்கு, அந்த ஆண்டில், அந்த வரியோடு பங்கை விற்கச் சம்மதமா என்று மட்டும் பாருங்கள். சம்மதமில்லை என்றால் அந்தப் பங்கின் மேல் கால் விற்காதீர்கள்.