மூன்று வாரமாகப் பதில் இல்லை, எப்படிக் கேட்பது?

வேலைக்கு விண்ணப்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டால், 'நம்மை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்' என்றே மனம் முடிவுகட்டிவிடுகிறது. பல நேரங்களில் அங்கே யாரும் எந்த முடிவும் எடுத்திருக்கவே மாட்டார்கள். இது தெரியாமல் எழுதும் கடிதத்தில்தான் அவசரமும் மனத்தாங்கலும் எட்டிப்பார்க்கும். ஆகவே கடிதத்துக்கு முன்னால், அந்த மூன்று வாரத்தில் நிறுவனத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம் கணக்கு உதவியாளர் வேலைக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்து, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த இளைஞர் ஒருவர் ஜூன் 3ஆம் தேதி மின்னஞ்சலில் விண்ணப்பிக்கிறார். வந்த விண்ணப்பங்களை எச்.ஆர். பிரிவில் இருப்பவர் சலித்து, பத்துப் பதினைந்தைக் கணக்குப் பிரிவுத் தலைவருக்கு அனுப்புகிறார். யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று சொல்ல வேண்டியவர் அந்தத் தலைவர்தான்.

அவருக்கு ஜூன் மாதம் எப்படி இருக்கும்? 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. நடுவில் 15ஆம் தேதி முன்கூட்டிய வருமான வரியின் முதல் தவணை. ஊழியர்களுக்குப் படிவம் 16 கொடுக்கவும் அதே நாள்தான் கெடு. இத்தனைக்கும் நடுவே விண்ணப்பக் கட்டு பிரிக்கப்படாமல் கிடந்தால் வியப்பில்லை. விற்பனைப் பிரிவுக்கு விண்ணப்பித்தவர் என்றால் மாதக் கடைசி இலக்கு, பள்ளி என்றால் தேர்வுக் காலம் என்று கணக்கு மாறும். நாம் கேட்கும் நாள், அவர்கள் சற்றே மூச்சுவிடும் நாளாக இருந்தால் பதில் வரும் வாய்ப்புக் கூடும். நம் இளைஞருக்கு ஜூன் 24 நல்ல நாள். 20ஆம் தேதிக் கெடு முடிந்துவிட்டது, எச்.ஆர். பிரிவு சம்பளக் கணக்கில் முழுதாக மூழ்கும் மாதக் கடைசியும் வரவில்லை.

எழுத உட்காரும் முன் தன் பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். பயோடேட்டாவில் பழைய கைப்பேசி எண் இருக்கிறதா, அழைப்பு மின்னஞ்சல் ஸ்பாம் பகுதியில் விழுந்து கிடக்கிறதா, தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பைக் கைப்பேசிச் செயலி தானாகவே தடுத்துவிட்டதா என்று பாருங்கள். 'தேர்வானவர்களை மட்டுமே தொடர்புகொள்வோம்' என்று விளம்பரத்தில் இருந்தாலும் ஒருமுறை கேட்பதில் தவறில்லை. 'விசாரிக்க வேண்டாம்' என்றே போட்டிருந்தால் கேட்கக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி. போன்ற அரசுத் தேர்வுகளுக்கு இந்தக் கடிதமே பொருந்தாது; அங்கே நிலவரம் இணையதள அறிவிப்பில்தான் வரும்.

இனி கடிதம். பலர் எழுதுவது இப்படி: "விண்ணப்பித்து மூன்று வாரங்கள் ஆகியும் இதுவரை எந்தப் பதிலும் வரவில்லை. தயவுசெய்து விரைவில் தெரிவிக்கவும்." மரியாதைக்குக் குறைவில்லைதான். ஆனால் 'நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?' என்று காரணம் கேட்கும் கடிதம் இது. படிப்பவர் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். மன்னிப்புக் கேட்பதைவிட அந்த மின்னஞ்சலை மூடிவைப்பது அவருக்கு எளிது. 'ஜென்டில் ரிமைண்டர்' என்று தலைப்பிடுவதும் இந்த வகைதான். பாக்கி வசூலிக்க அலுவலகங்கள் பயன்படுத்திப் பயன்படுத்தி அந்தச் சொல்லில் மென்மை மிஞ்சவில்லை. என் கருத்தில், பொறுமையின்மை தெரியாமல் எழுத ஒரே வழி, காத்திருப்பைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுவது.

நம் இளைஞர் புதிய மின்னஞ்சல் தொடங்காமல், ஜூன் 3ஆம் தேதி அனுப்பியதன் மேலேயே பதிலாக எழுதுகிறார். பழைய விண்ணப்பம் கீழேயே இருப்பதால் யாரும் தேட வேண்டியதில்லை. பயோடேட்டாவை மறுபடியும் இணைக்கிறார். கோப்பின் பெயரில் தன் பெயரும் வேலையின் பெயரும் இருக்கும்படி வைக்கிறார். கடிதம் ஆங்கிலத்தில் போனாலும் உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"அம்மையீர், வணக்கம். கணக்கு உதவியாளர் பணிக்கு ஜூன் 3 அன்று விண்ணப்பித்திருந்தேன். ஜிஎஸ்டி தாக்கலில் அனுபவம் தேவை என்று விளம்பரத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்த மாதம் முதல் இரண்டு நிறுவனங்களின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தேர்வானால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும். இந்தப் பணியிடத்துக்கான தேர்வு இன்னும் நடைபெறுகிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். வேறு சான்றிதழ்கள் தேவைப்பட்டால் அனுப்புகிறேன். நன்றி."

'மூன்று வாரம்' என்ற சொல்லே இதில் இல்லை. தேதி மட்டும் இருக்கிறது. எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் படிப்பவரே கணக்கிட்டுக்கொள்வார். விண்ணப்பத்தில் இல்லாத ஒரு புதிய செய்தி இருக்கிறது. கணக்குப் பிரிவுத் தலைவருக்கு இதை அனுப்பிவைக்க எச்.ஆர். அதிகாரிக்கு அதுவே ஒரு காரணம். கேள்வி ஒன்றே ஒன்று. 'நடக்கிறது', 'நிறுத்திவைத்திருக்கிறோம்', 'ஆள் எடுத்தாயிற்று' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 'என் விண்ணப்பம் என்ன ஆயிற்று?' என்று கேட்டிருந்தால் அவர் நாலு பேரிடம் விசாரித்துத்தான் பதில் எழுத முடியும். புதிய செய்தி எதுவும் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். இல்லாததைச் சேர்த்தால் நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இதே கடிதத்தை எம்.டி.க்கும் ஒரு நகல் போட்டால் காரியம் கெட்டது. எச்.ஆர். அதிகாரியைப் பற்றி மேலிடத்தில் புகார் செய்ததாகவே அவர் எடுத்துக்கொள்வார். 'வேறொரு நிறுவனம் அழைத்திருக்கிறது' என்று பொய்யாக எழுதுவதும் வேண்டாம்; 'நல்லது, போய்ச் சேருங்கள்' என்று பதில் வந்தால் அதோடு முடிந்தது. உண்மையிலேயே வேறு வேலை கிடைத்திருந்தால் அதைச் சொல்வது நியாயம். எந்தத் தேதிக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் குறிப்பிட்டு, 'இங்கே சேரவே விருப்பம்' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் விடலாம். ஜூலை 8 அன்று, டி.டி.எஸ். கட்டும் நாள் கழிந்தபின், ஒருமுறை தொலைபேசியில் கேட்கலாம். தனிப்பட்ட கைப்பேசிக்கு இல்லை, அலுவலக எண்ணுக்கு. காலை பதினொரு மணிவாக்கில். "வணக்கம்ங்க மேடம், கணக்கு உதவியாளர் வேலைக்கு ஜூன் 3ஆம் தேதி அப்ளை பண்ணியிருந்தேங்க. அந்த இடம் இன்னும் காலியா இருக்குங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்றால், 'சரிங்க மேடம், நன்றி' என்று வைத்துவிடலாம். வாட்ஸாப் எண் விளம்பரத்திலேயே கொடுத்திருந்தால் அதில் கேட்கலாம். ஆனால் 'ஹலோ மேடம்' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் பெயர், வேலை, தேதி, கேள்வி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுத வேண்டும்.

மூன்றாவது முறை கேட்பதில் பயனில்லை. ஆள் எடுப்பது நின்றிருக்கலாம், உள்ளே இருப்பவரையே அந்த இடத்துக்கு மாற்றியிருக்கலாம், வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அவர் நோட்டீஸ் காலம் முடித்து வரக் காத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதில்தான் ஒரு சிறு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. தேர்வானவர் வராமல் போனால், எச்.ஆர். அதிகாரி பழைய பட்டியலைத்தான் மறுபடி எடுப்பார். ஆகவே 'ஆள் எடுத்துவிட்டோம்' என்ற பதில் வந்தாலும், 'தெரிவித்ததற்கு நன்றி. பின்னர் இடம் இருந்தால் என்னையும் நினைவில் கொள்ளுங்கள்' என்று அன்றே எழுதிவிடுங்கள். எதுவுமே வராமல் போய், ஆறு மாதம் கழித்து அதே நிறுவனம் மறுபடி விளம்பரம் கொடுத்தால், தாராளமாகப் புதிதாக விண்ணப்பிக்கலாம். முன்பு பதில் வராததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம்.