காஷன் டெபாசிட்டைக் கேட்டு வாங்குங்கள்

கல்லூரியில் சேரும் நாளில் கட்டும் ரசீதில் 'காஷன் டெபாசிட்' என்று ஒரு வரி இருக்கும். அது கட்டணம் அல்ல. மாணவர் பெயரில் கல்லூரி வைத்திருக்கும் பணம். படிப்பு முடிந்ததும், அவர் உடைத்ததற்கும் தொலைத்ததற்கும் மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

கழிவு எப்படி வருகிறது? வேதியியல் மாணவி ஒருவர் 3,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் பியூரெட் உடைந்தால், அன்றைக்கே உடைசல் பதிவேட்டில் அவர் பெயரும் விலையும் ஏறும்: 400 ரூபாய். நூலகப் புத்தகம் ஒன்று தொலைந்தது: 350 ரூபாய். கடைசி ஆண்டில் 'நோ டியூஸ்' படிவத்தில் ஆய்வகமும் நூலகமும் இந்தத் தொகைகளை எழுதிக் கையெழுத்திடும். கைக்கு வர வேண்டியது 2,250 ரூபாய்.

சிக்கல் பெரும்பாலும் யார் உடைத்தார் என்று தெரியாத பொருளில்தான். விடுதி ஜன்னல் கண்ணாடி உடைந்தால், அறையில் இருந்த எல்லோருக்கும் பங்கு போட்டுவிடுவார்கள். பழைய விரிசலுக்கும் சேர்த்துப் பணம் பிடிப்பது அநியாயம். அறைக்குள் நுழையும் நாளிலேயே கட்டில், மின்விசிறி, கண்ணாடி எல்லாவற்றையும் படம் எடுத்து, வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

டி.சி. வாங்கும் அவசரத்தில் பலர் இந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து எழுத்தில் விண்ணப்பியுங்கள். பிடித்தம் இருந்தால் அதன் கணக்கையும் எழுத்திலேயே கேளுங்கள்.