உங்களுக்குத் தெரியுமா? குறைமாதக் குழந்தையும் மூச்சும்

● 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டதால் எடை 2 கிலோவுக்குச் சற்றுதான் அதிகம். இன்று அந்த எடையுள்ள குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். பேட்ரிக்கை பாஸ்டனுக்குக் கொண்டுபோய், அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறைக்குள் வைத்தும் பார்த்தார்கள். 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். அவன் உயிரைப் பறித்த மூச்சுத்திணறல் நோய் ஏன் வருகிறது என்பதை மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் அதே பாஸ்டனிலிருந்து 1959-லேயே எழுதிவிட்டார்கள் என்பதுதான் கொடுமை. காரணம் தெரிந்திருந்தது, மருந்து இல்லை.

● அந்தக் காரணம் இதுதான். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்கு உள்ளே எப்போதும் ஈரம் இருக்கும். நனைந்த பாலிதீன் பை ஒட்டிக்கொள்வதுபோல அந்த ஈரம் சுவர்களை ஒட்டவைக்கப் பார்க்கும். அதைத் தடுக்க நுரையீரலே கொழுப்புச் சத்து மிகுந்த ஒரு பூச்சைச் சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். தேவையான அளவுக்கு அது சேர, கருவுக்கு 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன் பிறந்தால் ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு மாதிரிதான்; ஒட்டிய அறைகளை மறுபடி மறுபடி பிரித்தாக வேண்டும். (தாய்க்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் இந்தச் சுரப்பு இன்னும் தாமதமாகும்.)

● வழி காட்டியது நியூசிலாந்து ஆட்டுக்குட்டி. ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு ஏற்றிய குட்டி ஒன்று, பிழைக்கவே முடியாத பருவத்தில் பிறந்தும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பிறகு ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் ஸ்டீராய்டு ஊசியைச் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். குறைமாதத்தில் பிறந்தவர்களில் மூச்சுத்திணறல் நோய், ஊசி போடாத பிரிவில் நூற்றுக்குச் சுமார் 26 பேருக்கு. போட்ட பிரிவில் 9 பேருக்கு. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஊசி பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. பிற்பாடு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட வரைபடம்தான் இன்று காக்ரேன் அமைப்பின் சின்னம்!

● ஊசி தாய்க்கு, பலன் குழந்தைக்கு. ஆனால் எந்த ஸ்டீராய்டும் ஆகாது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோனை நஞ்சுக்கொடி பெருமளவு செயலிழக்க வைத்துவிடும். டெக்சாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் தப்பித்துப் போய்ச் சேரும்.

30 வாரத்தில் திங்கள் இரவு 8 மணிக்கு ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிறது என்று வையுங்கள். உடனே டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம். அடுத்தது செவ்வாய் காலை 8, இரவு 8, புதன் காலை 8. மொத்தம் நான்கு ஊசி. இடையில் வலியைத் தள்ளிப்போட மாத்திரை கொடுப்பதே இந்த நேரத்தைச் சம்பாதிக்கத்தான். முதல் ஊசியிலிருந்து ஒரு நாள் கழித்து, ஒரு வாரத்துக்குள் பிரசவமானால் பலன் அதிகம். நான்கும் முடியாமலே பிரசவமாகிவிட்டாலும் ஓரளவு பயன் உண்டு. கர்ப்பப்பைக்குள் கிருமித்தொற்று இருந்தாலோ, எத்தனை வாரம் என்பதே தெளிவில்லை என்றாலோ கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

● பிறந்த குழந்தை முனகுகிறதா? அது அழுகை அல்ல. மூச்சை விடும்போது தொண்டையைப் பாதி மூடி, உள்ளே கொஞ்சம் காற்றைத் தேக்கிவைக்கிறது. அறைகள் ஒட்டாமல் இருக்க அதுவே கண்டுபிடித்த உபாயம். கூடவே மூக்கு விடைக்கும், விலாவுக்கு இடையே சதை உள்வாங்கும், மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும்.

'பபிள் சிபாப்' கருவி செய்வதும் இதையேதான். மூக்கில் சிறு குழாய்கள் வழியே காற்று போகும். வெளியேறும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருக்கும். அந்த ஆழமே அழுத்தத்தின் அளவு. குமிழி நின்றுவிட்டால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் மூக்கில் குழாய் சரியாகப் பொருந்தவில்லை என்று நர்ஸ் புரிந்துகொள்வார்.

● அப்படியும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால், பன்றி அல்லது மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை நேரே மூச்சுக்குழாய்க்குள் விடுவார்கள். 1.3 கிலோ குழந்தைக்குப் பன்றியிலிருந்து எடுத்ததானால் சுமார் மூன்றேகால் மில்லி, பால் நிறத்தில் இருக்கும். இப்போது பல இடங்களில் வென்டிலேட்டர் இல்லாமலே, சிபாபில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குழாயால் விடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் குழந்தையின் சொந்தச் சுரப்பு பெரும்பாலும் கூடத் தொடங்கும். அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் மொத்த வேலையும்.

● ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து. குறைமாதக் குழந்தையின் விழித்திரையை அது கெடுக்கும். அதனால்தான் மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 100 வராமல், 90-க்கும் 95-க்கும் இடையில் நிறுத்துகிறார்கள். வீட்டுக்கு வந்தபின்னும், பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே செய்ய வேண்டும்.