பச்சை மஞ்சள், எலுமிச்சை, டூத் பேஸ்ட், வேப்பிலை... சருமத்துக்கு எது மருந்து, எது நெருப்பு?

அக்காவின் கல்யாணத்துக்கு இன்னும் 10 நாள்தான். கழுத்தின் பின்பக்கம் கறுப்பாக இருக்கிறதே என்று கல்லூரி மாணவிக்குக் கவலை. "சாறு பிழிஞ்ச எலுமிச்சை மூடியை நல்லாத் தேய்ச்சு விடு, பளிச்சுனு ஆயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. காலையில் தேய்த்துவிட்டு, கழுவாமலே ஸ்கூட்டியில் கல்லூரிக்குக் கிளம்புகிறார் மாணவி. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கழுத்து சிவந்து எரிகிறது. மூன்றாம் நாள் கொப்புளம். கொப்புளம் வற்றியதும், முன்பிருந்ததைவிட அடர்த்தியான கறுப்பு. அதுவும் கழுத்திலிருந்து தோள் எலும்பு வரை கோடு கோடாக வழிந்திருக்கிறது!

சரும மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. "வெயில் ஒத்துக்கலை", "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்ததுமே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "எலுமிச்சை தேய்ச்சீங்களா?" என்பதுதான். பூச்சிக்கடி கோடாக வழியாது, சாறுதான் வழியும்.

எலுமிச்சை: வெயிலோடு சேர்ந்தால் வினை

எலுமிச்சையில் புளிப்பு மட்டுமல்ல, ஃப்யூரோகூமரின் என்ற வேதிப்பொருளும் இருக்கிறது. சாற்றைவிடப் பழத்தின் தோலில் இது அதிகம். சருமத்தில் இது படிந்திருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால், அந்த இடத்துச் செல்களைச் சேதப்படுத்துகிறது. இது அலர்ஜி அல்ல. எலுமிச்சை யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பேச்சே இதில் இல்லை. போதுமான சாறும் போதுமான வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம்.

இதில் பெரிய ஏமாற்று, அது எடுத்துக்கொள்ளும் நேரம். பெரும்பாலும் 24 மணி நேரம் கழித்துதான் சிவப்பு தெரியும். 2, 3 நாள்களில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் எலுமிச்சை தேய்த்ததே மறந்துபோயிருக்கும். கறுப்புக் கோடு மறைய வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள். கையில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்கலாமே என்றால், அதுவும் உதவாது. வீட்டுக்குள் இருந்தபடி சோதித்தால் ஒன்றும் ஆகாது. வெளியே போனால்தான் வேலையைக் காட்டும்.

தேய்த்துவிட்டால் என்ன செய்வது? வெளியே போகும் முன் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும். வெயிலில் ஜூஸ் பிழிபவர்களும் கையை இப்படிக் கழுவிக்கொள்வது நல்லது. கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல், வெயில் படாமல் மூடிவைத்து மருத்துவரைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கழுத்தைச் சுற்றி வெல்வெட் போலத் தடித்த கறுப்பு, தேய்த்துப் போக்க வேண்டிய அழுக்கு அல்ல. உடல் பருமன், இன்சுலின் சரியாக வேலை செய்யாமை போன்றவற்றின் அடையாளமாக அது இருக்கலாம். அங்கே தேவைப்படுவது எலுமிச்சை அல்ல, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை.

டூத் பேஸ்ட்: குளிர்ச்சி வேறு, குணம் வேறு

குக்கர் ஆவி கையில் பட்டதும் பலரின் கை தானாகப் போவது டூத் பேஸ்ட்டுக்குத்தான். தடவியதும் ஜில்லென்று இருக்கும். அது அதிலுள்ள புதினா, மென்தால் தரும் உணர்வு மட்டுமே. சருமத்துக்குள் போன சூடு அப்படியேதான் இருக்கும். பற்களைத் தேய்ப்பதற்கான பொடியும் நுரைக்கான சோப்புப் பொருளும் வெந்த தோலை மேலும் உறுத்தும். காய்ந்து ஒட்டிக்கொண்டால், காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்க முடியாது. முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வலி தனி.

சுட்டால் செய்ய வேண்டியது எளிது. வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பிறகு சுத்தமான, பஞ்சு பிரியாத துணியால் தளர்வாக மூடுங்கள்.

பருவுக்கு டூத் பேஸ்ட் வைப்பதும் இதே கதைதான். இரவு வைத்தால் காலையில் பரு காய்ந்ததுபோலத் தெரியும். சுற்றியுள்ள தோலும் சேர்ந்து காய்ந்து உரியும். மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் அந்த எரிச்சலே கரும்புள்ளியாக நின்றுவிடும். பரு போன பிறகும், புள்ளி மறைய நாளாகும்.

மஞ்சள்: தனியாக நல்லது, சுண்ணாம்போடு ஆபத்து

நால்வரில் சாது மஞ்சள்தான். இதிலுள்ள குர்குமினுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. காயமில்லாத தோலில் மெல்லியதாகப் பூசிக் குளிப்பதால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. சிலருக்கு மட்டும் அலர்ஜியாகி அரிப்பும் சிறு பொரிகளும் வரும். புதிதாகப் பூசுபவர்கள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 2 நாள் பார்த்துவிட்டுப் பூசலாம். ஆனால், பிளந்த புண்ணில் மஞ்சளை அப்பக் கூடாது. மண்ணில் விளைந்த கிழங்கோடு கிருமியும் உள்ளே போகும்.

கட்டிக்கும் சுளுக்குக்கும் மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்துப் பற்றுப் போடுவதுதான் கவனிக்க வேண்டியது. மஞ்சள் அதில் குங்குமச் சிவப்பாக மாறுகிறதே, அது மருந்து முறுகுவதன் அடையாளம் அல்ல. கலவை கடும் காரமாகிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது. சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். அமிலத்தைவிடக் காரம் தோலுக்குள் ஆழமாக இறங்கும். தொடக்கத்தில் வலியும் தெரியாமல் போகலாம். அதனால் இரவு முழுக்கப் பற்றோடு தூங்கிவிட்டு, காலையில் தோல் வெந்திருப்பதைப் பார்ப்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கும், உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் இது வேண்டவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை அமுக்கிக் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வேப்பிலை: எங்கே உதவும்?

சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசும் வழக்கத்தை 1992-ல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. 814 பேருக்குப் பூசியதில், 97 சதவிகிதம் பேருக்கு 3 முதல் 15 நாள்களில் குணமானதாக அது சொன்னது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அது ஒரு முன்னோட்ட ஆய்வு. அதை மட்டும் வைத்து மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

சிரங்கு என்பது தோலுக்குள் துளையிடும் சிறு பூச்சியால் வருவது. அதற்கு மருத்துவர்கள் தரும் பெர்மெத்ரின் 5 சதவிகித க்ரீமைக் கழுத்திலிருந்து கால்வரை இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். வேப்பிலையோ க்ரீமோ, அரிப்பவருக்கு மட்டும் போட்டால் பூச்சி திரும்ப வந்துவிடும்.

அரைப்பதிலும் கவனம் தேவை. மிளகாய் அரைத்த மிக்ஸி ஜாரில் வேப்பிலையை அரைத்துவிட்டு, "வேம்பு எரியுது" என்று அதன்மேல் பழிபோடுபவர்கள் இருக்கிறார்கள். தனி ஜார், கழுவிய கொழுந்து இலை, அன்றன்றைக்கு அரைத்த விழுது. நீர் கசியும் புண்ணிலும் உடைந்த அம்மைக் கொப்புளத்திலும் விழுது வேண்டாம்.

எதைப் பூசினாலும் ஒரு விதி பொதுவானது. எரிந்தால் "வேலை செய்யுது" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது; கழுவிவிட வேண்டும். கொப்புளம், சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, முகத்திலோ கண்ணருகிலோ காயம், உள்ளங்கையைவிடப் பெரிய தீப்புண் என்றால் அடுப்படி மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். போகும்போது, என்ன பூசினோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.