போர்வெல்லுக்குப் பணம்: சீட்டைத் தள்ளி எடுப்பதா, வங்கியில் கடன் வாங்குவதா?

ஊரில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். மகனுக்கு எண்ணூர் பக்கம் கம்பெனி வேலை, குடியிருப்பு சென்னை காலடிப்பேட்டையில். கிணறு வற்றிவிட்டது, போர்வெல் போட ஒன்றரை லட்சம் வேண்டும். மகன் ஏற்கெனவே ஒரு ஏலச்சீட்டில் சேர்ந்திருக்கிறார். "சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாம்ப்பா, வங்கிக்கு அலைய வேண்டாம்" என்கிறார். இதுபோன்ற பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இப்படி ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

2 லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 10,000 ரூபாய். முதல் மாதச் சீட்டை நடத்துபவரே எடுத்துக்கொள்வது வழக்கம். மூன்றாவது மாதம் மகன் 50,000 தள்ளி ஏலம் எடுத்தால் கைக்கு 1,50,000 வரும். தள்ளிய தொகையில் 10,000 நடத்துபவரின் கமிஷன். (சட்டப்படி 5 சதவீதமாக இருந்த இந்த உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 7 ஆகிவிட்டது.) மீதி 40,000 இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதத் தவணை ஆளுக்கு 8,000 ஆகக் குறையும். போகப்போகத் தள்ளு குறைவதால் கழிவும் குறையும். சராசரியாகத் தவணை 9,000 என்று வைத்தால், 20 மாதத்தில் கட்டுவது 1,80,000.

வாங்கியது ஒன்றரை லட்சம், கட்டியது 1,80,000, வித்தியாசம் 30,000தானே என்று பலரும் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் முதல் மூன்று மாதத்தில் கட்டிய 26,000 உங்கள் சொந்தப் பணம். உண்மையில் கடனாக வந்தது 1,24,000 மட்டும். அதை 17 மாதத் தவணையில் திருப்பிக் கட்ட 30,000 கூடுதலாகப் போகிறது. ஊர்க் கணக்கில் சொன்னால், இது நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை வட்டி. வட்டிக்கடைக்காரர் கேட்டால் யோசிப்போம், சீட்டு என்றால் யோசிப்பதில்லை.

இன்னொரு சிக்கல் ஏலம் எடுத்த பிறகுதான் தெரியும். மீதித் தவணைகளுக்கு ஜாமீன் காட்டினால்தான் பணம் கைக்கு வரும். பெரும்பாலும் சம்பளச் சீட்டு உள்ளவர்களைத்தான் ஜாமீனாகக் கேட்பார்கள். காலடிப்பேட்டையில் உடன் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். கிராமத்தில் அப்படி இரண்டு பேரைத் தேடுவதற்குள் போர்வெல் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அறுவடைக்கு அறுவடை வருமானம் பார்ப்பவருக்கு மாதத் தவணையும் ஒத்துவராது. சீட்டு சம்பளக்காரருக்குப் பொருந்திய ஏற்பாடு.

வங்கிப் பக்கம் வருவோம். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லாத பயிர்க்கடன் இருக்கிறது, ஆனால் அது சாகுபடிச் செலவுக்கு. போர்வெல்லுக்கு வங்கியில் தனிக் கடன் கேட்கலாம். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் கேட்பார்கள், நாளாகும். அவசரத்துக்கு வங்கி நகைக்கடன்தான் வேகமானது.

வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொள்வோம். ஒன்றரை லட்சத்துக்கு 17 மாத வட்டி சுமார் 21,000. மகன் சீட்டைத் தள்ளாமல் கட்டிக்கொண்டே வந்து கடைசி மாதம் எடுத்தால், கமிஷன் போக 1,90,000 வரும். கட்டியதைவிட 10,000 அதிகம். அந்தப் பணத்தில் நகையை மீட்டுவிடலாம். மொத்தச் செலவு 11,000 அளவில் நிற்கும். தள்ளி எடுத்தால் 30,000. நகைக்கடனை வழக்கமாக ஓராண்டில் திருப்ப வேண்டும், அறுவடைப் பணத்தில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தும் பேசாமல் இருந்தால் நகை ஏலத்துக்குப் போகும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் சீட்டு கடைசி மாதம் வரை நடந்தால்தான். கடைசியில் எடுக்க நினைப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் நடத்துபவர் ஓடிப்போனால் இவர் கட்டியதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதனால் மகனிடம் ஒரு காரியம் சொல்லுங்கள். 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் முன் அனுமதி, பதிவு செய்த ஒப்பந்தம், தொடக்கச் சான்றிதழ் வேண்டும். நடத்துபவர் பதிவாளரிடம் பிணைத்தொகையும் காட்டியிருக்க வேண்டும். கம்பெனிக்குப் பதிவு இருந்தால் போதாது, தான் சேர்ந்திருக்கும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று ஒப்பந்த நகலில் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.

பதிவு இருந்தால், தகராறு வரும்போது பதிவாளரிடமே மனு கொடுக்கலாம். பாஸ்புக்கும் ஒவ்வொரு மாத ரசீதும் அப்போது தேவைப்படும். நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டு நடக்கும் தெருச் சீட்டு என்றால், கடைசி மாதம் வரை காத்திருக்கும் மேற்சொன்ன கணக்கைப் போடாதீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளியாவது சீக்கிரம் எடுத்துக்கொண்டு, மீதித் தவணையை முறையாகக் கட்டி முடிக்கச் சொல்லுங்கள்.